மாத்திரை வெட்டித் தந்தா முனையைப் பாத்து வாங்குங்க, நாங்க ஏமாந்துட்டோம்

அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை தீந்துபோச்சு, முழு ஸ்டிரிப் வேணாம்னு ஆறு மட்டும் வாங்கினேன். ஜூலை மாசம், வழக்கமா போற கடைதான். டிராயர்ல இருந்து ஒரு துண்டை எடுத்து கத்தரிக்கோலால வெட்டிக் குடுத்தாங்க. பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி எல்லாம் பில்லுல இருந்துச்சு, அதனால நானும் ஸ்டிரிப்பைத் திருப்பிப் பாக்கல.

அடுத்த வாரம் அதே கடையில மிச்ச நாலு மாத்திரையை வாங்கிட்டு வந்தேன். இதுலதான் அந்த முனை இருந்துச்சு. பாயில்ல ஒரு ஓரத்துல மட்டும் மை இல்லாம எழுத்தை அழுத்திப் பதிச்சிருப்பாங்க, லைட்டைச் சாய்ச்சுப் பிடிச்சாதான் படிக்க முடியும். பேட்ச் 3092, எக்ஸ்பைரி 04/2025. பில்லுல இருந்த பேட்ச்சோ 4417! உடனே குப்பைக்கூடையில கிடந்த பழைய காலி துண்டை எடுத்து பக்கத்துல வச்சுப் பாத்தேன், வெட்டின கோணல் அப்படியே பொருந்துச்சு, நடுவுல பாதியா அறுந்த மருந்து பேரும் சேந்துச்சு. அப்பா ஆறு நாளும் முழுங்கினது இதே ஸ்டிரிப்தான்.

மாசமும் வருஷமும் மட்டும் போட்டிருந்தா அந்த மாசத்தோட கடைசி நாள் வரைக்கும் கணக்கு, அதாவது இது ஏப்ரல் 30லயே முடிஞ்சுபோச்சு. கடையில போய்க் கேட்டா "அதெல்லாம் ரெண்டு மூணு மாசம் ஒண்ணும் ஆகாதுங்க"ன்னாங்க. எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல. பில்லு ஏன் மாறுச்சுன்னா, கம்ப்யூட்டர்ல எந்த பேட்ச்சைத் தட்டுறாங்களோ அதுதான் பில்லுல வரும், கை டிராயர்ல எதை எடுத்துச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?

அதனால துண்டு வாங்கும்போது வெட்டுறதுக்கு முன்னாடியே முழு ஸ்டிரிப்பைக் கையில வாங்கி அந்த முனையை ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, பேட்ச் நம்பர் பில்லோட ஒத்துப்போகுதான்னு அங்கயே பாருங்க. முனை இல்லாத துண்டுன்னா வேணாம்னு சொல்லிடுங்க, கூச்சப்படாதீங்க. மேல இருக்குற தேதி தயாரிச்சதா முடியுறதான்னும் கவனிங்க, ரெண்டும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா இருக்கும், அவசரத்துல மாத்திப் படிச்சுடுவோம். வீட்டுலயும் எழுத்து இல்லாத பக்கத்துல இருந்து மாத்திரையை எடுத்துட்டு வாங்க, முனை கடைசி வரைக்கும் இருக்கும்.

இன்னொண்ணு, அதே ஸ்டிரிப்ல 30 டிகிரிக்குக் கீழ, வெளிச்சமும் ஈரமும் படாம வைக்கணும்னு பொடி எழுத்துல போட்டிருந்துச்சு. அந்தத் தேதியே அப்படி வச்சிருந்தாதான் செல்லும், ஜன்னலோரமோ அடுப்புக்குப் பக்கத்துலயோ வச்சா தேதி பாக்கி இருந்தும் நம்ப முடியாது. அதுக்காக எல்லாத்தையும் ஃபிரிட்ஜ்ல தள்ளாதீங்க, 2ல இருந்து 8 டிகிரின்னு போட்டிருந்தா மட்டும்தான் அங்க வைக்கணும்.

டாக்டர்கிட்ட ரெண்டு துண்டையும் காட்டினேன். புது ஸ்டிரிப் ஆரம்பிக்கச் சொல்லி, ஒரு வாரம் தினமும் பிரஷர் பாத்து எழுதிட்டு வரச் சொன்னாங்க. இன்னிக்கு மூணாவது நாள், எழுதிட்டிருக்கேன்.