ஆயிரம் நூல் கொட்டன் என்று சொல்லி எனக்கு விற்ற பெட்ஷீட்

போன மே மாதம் புறக்கோட்டையில் ஒரு கடையில் 7,500 ரூபாய் கொடுத்து ஒரு பெட்ஷீட் செட் வாங்கி ஏமாந்தேன். அதே மாதிரிப் பக்கெட்டைப் போன கிழமை வெள்ளவத்தையிலும் ஒரு கடையில் அடுக்கி வைத்திருக்கக் கண்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வந்து எங்களோடு இரண்டு மாதம் நிற்கப் போகிறார் என்றதும் அவருடைய அறைக்கு நல்ல விரிப்பு ஒன்று தேடினேன். அந்த அறைக்கு ஏசி இல்லை. மே மாதத்து இரவுகள் கொழும்பில் இருப்பவர்களுக்குத் தெரியும். மழை வருவதற்கு முன்னால் காற்று அப்படியே நின்றுவிடும், விடிய மூன்று மணிக்கும் கழுத்தடியில் வியர்வை இருக்கும். கடைக்காரரிடம் இதையெல்லாம் சொல்லித்தான் கேட்டேன். அவர் பளபளப்பான ஒரு பக்கெட்டை எடுத்து வைத்து, "இது எகிப்து கொட்டன் மிஸ், ஆயிரம் நூல். ஹோட்டலுக்குக் குடுக்கிற சாமான்" என்றார். பக்கெட்டின் முன்பக்கத்திலும் 1000 என்று பொன்னிறத்தில் பெரிதாகப் போட்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், பூப் போல மெதுவாக இருந்தது. நூல் எண்ணிக்கை கூடக் கூட நல்ல துணி என்றுதான் நானும் அதுவரை நினைத்திருந்தேன்.

முதல் இரவே அம்மா நித்திரை கொள்ளவில்லை. "பொலித்தீனில படுத்த மாதிரிக் கிடக்குது பிள்ளை" என்றார். புது விரிப்பு, ஒருமுறை தோய்த்தால் சரியாகும் என்று நான் சமாதானம் சொன்னேன். தோய்த்தேன், இரண்டு மணித்தியாலத்தில் காய்ந்துவிட்டது, அது எனக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது. ஆனால் நாலைந்து நாளில் அம்மாவின் முதுகு முழுக்க வேர்க்குரு. விரிப்பிலும் தலைமாட்டுப் பக்கம் எண்ணெய் வாடை பிடித்து, தோய்த்த பிறகும் போகாமல் நின்றது.

என் மச்சாள் கட்டுநாயக்கவில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் துணி பரிசோதிக்கும் பகுதியில் பதினொரு வருடம் வேலை செய்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அவளிடம் காட்டினேன். துணியைக் கையில் வாங்கியவள் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணி, இது கொட்டனே இல்லை" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். தன் விரல் நுனியைத் துணியில் மெல்ல இழுத்துக் காட்டினாள். பாத்திரம் கழுவிக் காய்ந்திருந்த விரலின் சொரசொரப்பில் துணி ஒட்டிப் பிடித்தது. நுண்ணிழை பொலியெஸ்டரை, அதாவது மைக்ரோஃபைபரை, மேலே பிரஷ் போட்டு மெதுமையாக்கினால் அது இப்படித்தான் காய்ந்த தோலைப் பிடிக்குமாம். நான் கடையில் பூப் போல என்று நினைத்தது இந்த மெதுமையைத்தான்.

பிறகு தையல் மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, ஒரு பழைய பீங்கான் தட்டில் வைத்து நெருப்புக் குச்சியைக் காட்டினாள். நூல் எரியவில்லை. சுருண்டு, உருகி, கடைசியில் ஒரு சின்னக் கறுப்பு மணியாக நின்றது. ஆறிய பிறகு நகத்தால் நசித்துப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. அடுத்து அம்மாவின் பழைய பருத்திச் சேலையிலிருந்து ஒரு நூல். அது உடனே பற்றி எரிந்தது, கடதாசி எரியும் மணம் வந்தது, தொட்டால் தூளாகப் போகும் சாம்பல்தான் மிஞ்சியது. கலப்புத் துணி என்றால் இரண்டும் சேர்ந்து வரும், சாம்பலும் இருக்கும், அதற்குள் சின்னச் சின்னக் கட்டியும் இருக்கும். வீட்டில் செய்வதென்றால் ஒரே ஒரு நூலை மட்டும், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள். உருகிய பொலியெஸ்டர் விரலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும்.

சரி, அந்த ஆயிரம் எங்கே இருந்து வந்தது? நூல் எண்ணிக்கை என்பது ஒரு சதுர அங்குலத் துணியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் எண்ணிக் கூட்டினால் வரும் தொகை. மச்சாள் என் போனின் கமராவைப் பெரிதாக்கி, ஒரு அடிமட்டத்தைத் துணிமேல் வைத்துப் படம் எடுத்தாள். ஒரு சென்டிமீட்டருக்குள் பாவு 44, ஊடை 32. இரண்டும் 76, அதை 2.54 ஆல் பெருக்கினால் 193. ஆயிரம் என்று விற்ற துணியில் இருநூறுகூட இல்லை. பொலியெஸ்டரில் ஒவ்வொரு நூலும் பல மெல்லிய இழைகள் சேர்ந்தது. அந்த இழைகளை எல்லாம் எண்ணத் தொடங்கினால் எந்தத் தொகையையும் பக்கெட்டில் போடலாம்.

நிறுத்துப் பார்த்தாலும் பொய் தெரிந்துவிடும். அந்த விரிப்பு 90க்கு 100 அங்குலம், கிட்டத்தட்ட 5.8 சதுர மீட்டர். குசினித் தராசில் வைத்தால் 490 கிராம், அதாவது சதுர மீட்டருக்கு 84 கிராம். கொட்டனில் உண்மையாகவே ஆயிரம் என்று எண்ணக்கூடிய துணியாக இருந்திருந்தால் இந்த அளவு விரிப்பு ஒரு கிலோவுக்குக் கிட்ட இருந்திருக்கும்.

இதைச் சொன்னபோதுதான் மச்சாள் இன்னொன்றும் சொன்னாள், எனக்கு அதுதான் பெரிய விசயமாகப் பட்டது. "உண்மையான ஆயிரம் எண்டாலும் உங்கட அம்மாவுக்கு அது சரிவராது." ஒரு சதுர அங்குலத்துக்குள் தனி நூலாக அடுக்கக்கூடியது நானூறு, ஐந்நூறோடு இடம் முடிந்துவிடும். அதற்கு மேல் போடுபவர்கள் மெல்லிய நூல் இரண்டு, மூன்று, நாலை முறுக்கி ஒன்றாக நெய்துவிட்டு, முறுக்கின நூலுக்குள் இருக்கும் ஒவ்வொரு இழையையும் தனித்தனியாக எண்ணுகிறார்கள். நாலு இழை முறுக்கிய 250 நூல் துணி பக்கெட்டில் ஆயிரமாகும். அது கொட்டன்தான், ஆனால் பாரமாக இருக்கும், காற்றும் சுலபமாகப் போகாது. ஒக்டோபர், நவம்பர் மழையில் பல்கனிக் கொடியில் போட்டால் பின்னேரம் நடுப்பகுதி காய்ந்திருக்கும், மடிப்பு ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தோடு மடித்து வைத்தால் மக்கிய மணம் வரும்.

வெக்கைக்கு எண்ணிக்கையை விட முக்கியமானது நூலும் நெசவும். கொட்டன் சாதாரண நிலையில் தன் எடையில் ஏறக்குறைய எட்டு வீதம் ஈரத்தை உள்ளே வாங்கி வைக்கும், பொலியெஸ்டர் அரை வீதம்கூட வாங்காது. வியர்வை உள்ளே போக இடமில்லாமல் தோலுக்கும் துணிக்கும் நடுவில் நிற்கிறது. என் மைக்ரோஃபைபர் இரண்டு மணித்தியாலத்தில் காய்ந்ததற்கும் அம்மாவுக்கு வேர்க்குரு வந்ததற்கும் காரணம் ஒன்றே. உடம்பு எண்ணெயை மட்டும் பொலியெஸ்டர் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், அந்த வாடை அதுதான்.

நெசவில் கடைகளில் நமக்குக் காட்டுவது பெரும்பாலும் இரண்டு. ஒன்று பெர்கேல், ஒரு நூல் மேலே அடுத்தது கீழே என்று சதுரங்கப் பலகை மாதிரிப் பின்னிய சாதாரண நெசவு. இரு பக்கமும் ஒரே மாதிரி, மினுக்கம் இல்லை. கையில் கொஞ்சம் விறைப்பாக, மொறமொறப்பாகத் தெரியும். மற்றது சாட்டீன். ஒரு நூல் மூன்று, நாலு நூலைத் தாண்டிப் போய் ஒன்றுக்குக் கீழே இறங்கும். அதனால்தான் மேற்பக்கம் வழுக்கி மினுங்கும், பின்பக்கம் மங்கலாக இருக்கும். நூல்கள் நெருங்கிக் கிடப்பதால் உடம்போடு ஒட்டிப் படியும், நீண்டு கிடக்கும் நூல்கள் நகத்திலும் காப்பிலும் மாட்டி இழுபடும். ஹோட்டல் ஹோட்டல் என்று கேட்டு வாங்கும் அந்தக் கோடு போட்ட விரிப்பும் பெரும்பாலும் சாட்டீன் கோடுதான். ஹோட்டலில் இரவு முழுக்க ஏசி ஓடுகிறது, அங்கே அது சுகம். ஃபேன் மட்டும் உள்ள அறைக்கு பெர்கேல்தான், 200க்கும் 300க்கும் இடையில்.

நான் பிறகு வாங்கியது 220 நூல் பெர்கேல். மிகக் கசங்கும், அதை மறைக்கவில்லை. முதல் நாள் அம்மா "விறைப்பாக் கிடக்கு" என்றார், நாலாவது தோய்ச்சலுக்குப் பிறகு அந்தப் பேச்சில்லை. கசங்கலே பிடிக்காதவர்கள் கொட்டன் கூடிய கலப்பை எடுக்கலாம், 60க்கு 40 மாதிரி. இன்னும் கெதியில் காயும், ஆனால் வெக்கை கொஞ்சம் கூடத்தான் தெரியும். கொட்டன் முதல் தோய்ச்சல்களில் மூன்று தொடக்கம் ஐந்து வீதம் சுருங்கும், அதனால் மெத்தையின் உயரத்தையும் அளந்துகொண்டு போங்கள். தோய்க்கும்போது சொஃப்ட்னர் போடாதீர்கள். அது நூலின் மேல் பூச்சாகப் படிந்து கொட்டன் ஈரம் வாங்குவதைக் குறைக்கும், கொட்டனுக்கு நாம் காசு கொடுப்பதே அதற்காகத்தான்.

கடையில் நெருப்புக் குச்சி கொளுத்த முடியாது. அங்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒரு மூலையைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துப் பத்து வரை எண்ணி விடுங்கள். கொட்டன் கசங்கியபடியே நிற்கும், மைக்ரோஃபைபர் ஒன்றும் நடவாதது போல விரிந்துவிடும். கசங்காமல் இருக்கப் பதம் போட்ட கொட்டனும் விற்கிறார்கள், அதில் இந்தச் சோதனை பிழைக்கும். பக்கெட்டைத் திறந்து காட்ட மாட்டோம் என்றால் அந்தக் கடையில் எடுக்க வேண்டாம்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். "உடைச்ச பக்கெட் எடுக்க ஏலாது மிஸ். நாங்க கொட்டன் எண்டு எங்க எழுதியிருக்கிறம்?" என்றார் அதே கடைக்காரர். பக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். 'எஜிப்ஷியன் கொட்டன்' என்ற ஆங்கில எழுத்துக்குக் கீழே, பெயர் வடிவத்தின் ஓரத்தில், பொன்னிறத்திலேயே சின்னதாக 'டச்' என்று இருந்தது. கொட்டன் போலத் தொடுகை, அவ்வளவுதான். உள்ளே துணியில் தைத்த லேபலும் இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைத்து முறையிடலாம், வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதை 2003ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. ஆனால் கடைக்காரர் வாயால் சொன்னதற்கு என்னிடம் சாட்சி இல்லை. பில்லில் 'பெட்ஷீட் செட் 1' என்று மட்டும் இருந்தது.

இரண்டாவது முறை வாங்கும்போது பில் எழுதும் தம்பியிடம், "நூறு வீதம் கொட்டன், 220 எண்டு இதில எழுதித் தாங்கோ" என்று கேட்டேன். எழுதித் தந்தார். அதற்கு முதல் போன வேறொரு கடையில் இதையே கேட்டபோது முதலாளி, "அது எழுதிறதில்லை மிஸ்" என்று பக்கெட்டைத் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டார்.