வெள்ளவத்தையில ஒப்ஷன் கிளாசுக்கு காசு கட்ட முதல் படிப்பிக்கிறவரிட்ட டிரேட் ஷீட்டைக் கேளுங்கோ

கொழும்பில இருக்கிற எங்கட ஆக்களுக்காகத்தான் இதை எழுதுறன், ஏனெண்டா நாங்கள் காசு கட்டி ஏமாந்த அதே கிளாஸ் திரும்பவும் புது பட்ச் சேர்க்குது எண்டு வாட்ஸ்அப்பில அட்வர்டைஸ்மென்ட் வந்து கிடக்கு. ஆளின்ர பேரையோ இடத்தின்ர பேரையோ நான் சொல்லப்போறதில்ல. காலி வீதிப் பக்கம் சனி ஞாயிறு நடக்கிற வகுப்பு, அமெரிக்கப் பங்குகளில ஒப்ஷன், அதாவது குறிச்ச விலைக்குப் பங்கை வாங்குற அல்லது விக்கிற உரிமையை வித்து, அதுக்குப் பிரீமியம் எண்டு காசு எடுக்கிற முறை, "7 வருஷ பேக்டெஸ்ட், 82 வீதம் வெற்றி" எண்டு, பழைய விலைகளில முறையை ஓட்டிப் பாத்ததா ஒரு கிராஃப் காட்டுவினம். கோடு மாடிப்படி மாதிரி மேலயே போகும். ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபா கட்டினம். காசு திரும்பக் கேட்டதுக்கு "மார்க்கெட் மாறிட்டு தம்பி, முறை பிழையில்ல" எண்டுதான் பதில் வந்தது. மார்க்கெட் மாறேல்ல. அந்த பேக்டெஸ்ட் முதல் நாளே பொய், அது எப்பிடி எண்டதை விளக்கமா சொல்லுறன்.

முறை இதுதான். 100 டொலர் அளவில போற, டிவிடென்ட் குடுக்கிற ஒரு பங்கை எடுத்து, கீழ ஒரு புட் ஸ்ப்ரெட், மேல ஒரு கோல் ஸ்ப்ரெட் விக்கிறது. புட் எண்டது பங்கை விக்கிற உரிமை, கோல் எண்டது வாங்குற உரிமை, ஸ்ப்ரெட் எண்டா ஒண்டை வித்து இன்னொண்டை வாங்குறது. புட் பக்கம் எண்டா 95 புட்டை வித்து 90 புட்டை வாங்குறது, இந்த 95, 90 எண்ட குறிச்ச விலையைத்தான் ஸ்ட்ரைக் எண்டுறது. கிடைச்ச பிரீமியத்தில பாதி லாபம் வந்தா மூடு, பிரீமியத்தைப்போல ரெண்டு மடங்கு நட்டம் வந்தா வெட்டு. சொல்லக்கேக்க நல்லாத்தான் இருக்கும்.

வகுப்பில ஒரு அக்கா இருந்தவ, பாங்கில வேலை, கணக்கில கெட்டிக்காரி. அவதான் விடாமல் கேட்டு கேட்டு கடைசியில அந்த பேக்டெஸ்டின்ர முழு டிரேட் ஷீட்டையும் எடுத்தவ. திறந்த உடன கண்ணில பட்டது, வித்த விலை எண்ட கொலத்தில 0.485, 0.515 எண்டு அரைச் சதத்தில முடியிற விலைகள். அப்பிடி ஒரு விலைக்கு ஓடர் போடவே ஏலாது, ஸ்ப்ரெட் ஓடர் எண்டாலும் ஒரு சதத்துக்குக் கீழ போகாது. அப்ப அந்த விலையில ஒருத்தரும் ஒரு நாளும் விக்கேல்ல. வாங்குறவன் தாறன் எண்டுற பிட் விலையையும் விக்கிறவன் கேக்கிற ஆஸ்க் விலையையும் கூட்டி ரெண்டால பிரிச்ச நடுவிலை, வேற ஒண்டுமில்ல.

அக்கா கேட்டா, "சேர், இது மிட் விலை தானே, இந்த விலைக்கு எங்களுக்கு ஆர் தருவினம்?" அவர் சொன்னார், "லிமிட் ஓடரை நடுவில போட்டுட்டு பொறுமையா இருங்கோ, கிடைக்கும்." இந்தப் பதிலிலதான் பெரிய ஓட்டை இருக்கு, அதை ஆறுதலா விளங்கிக்கொள்ளுங்கோ. நடுவில போட்ட விற்பனை ஓடர் சிலவேளை நிரம்பும்தான், ஆனா எப்ப நிரம்பும்? பங்கு விழுந்து புட் விலை ஏறேக்கதான் அனேகமா நிரம்பும், அதாவது எங்களுக்கு எதிரா சந்தை நகரத் தொடங்கின நேரம். பங்கு ஏறி புட் விலை இறங்கினா எங்கட ஓடர் நிரம்பாமலே போயிடும், அந்த லாபம் எங்களுக்கு வராது. ஷீட்டிலயோ ரெண்டு வகையும் நிரம்பினதாத்தான் கணக்கு. வராத லாபத்தையும் அதுக்குள்ள கூட்டி வச்சிருக்கு.

இப்ப ஒரு டிரேடை முழுசாப் பாப்பம். 95 புட் பிட் 1.05, ஆஸ்க் 1.15. 90 புட் பிட் 0.55, ஆஸ்க் 0.65. நடுவிலைப்படி 1.10இல 0.60ஐக் கழிச்சா 0.50, ஒரு கொன்ட்ராக்ட் 100 பங்கு எண்டபடியா அது 50 டொலர். உடன விக்கோணும் எண்டா பிட்டில வித்து ஆஸ்கில வாங்கோணும், அப்ப கிடைக்கிறது 0.40 தான். நான் நியாயமா ரெண்டுக்கும் நடுவில 0.45 எண்டு எடுக்கிறன். ஷீட்டில வெற்றி எண்டா 25 டொலர் லாபம். உண்மையில உள்ள போகேக்க 5 டொலர், வெளிய வரேக்க 5 டொலர், கொமிஷன் ஒரு லெக்குக்கு, அதாவது ஸ்ப்ரெட்டில ஒரு ஒப்ஷனுக்கு, 65 சதப்படி போக வர நாலு லெக்குக்கு 2.60. மிச்சம் 12.40. நட்டப் பக்கம் இன்னும் மோசம், ஏனெண்டா விழுற நாளில பிட் ஆஸ்க் இடைவெளி விரியும், 1.50இல வெட்டோணும் எண்டு நினைச்சது 1.70இலதான் வெட்டுப்படும். ஷீட்டில 100 டொலர் நட்டம், கையில 127.60.

அவர் சொன்ன 82 வீதத்தையே நம்பி 100 டிரேடுக்குப் போட்டுப் பாருங்கோ. ஷீட்டின்ர கணக்கு: 82 வெற்றிக்கு 2050, 18 தோல்விக்கு 1800, மிச்சம் 250 டொலர் லாபம். உண்மைக் கணக்கு: 1016.80 வரவு, 2296.80 செலவு, 1280 டொலர் நட்டம். வெற்றி வீதம் ஒரு புள்ளியும் குறையேல்ல, எங்கட கணிப்பு பிழைக்கேல்ல, விலையை மட்டும் கிடைக்கக்கூடிய விலையா மாத்தினதுக்கே லாபம் நட்டமாப் போச்சு. பிரீமியம் விக்கிற முறையில ஒவ்வொரு வெற்றியும் சின்னது எண்டபடியா, சின்னச் சறுக்கல் கூட வெற்றியில பாதியைத் தின்னுது.

நடுவிலை எவ்வளவு ஏமாத்தும் எண்டதுக்கு 2024 ஓகஸ்ட் 5ஐப் பாருங்கோ. அண்டைக்கு நியூயோர்க் சந்தை திறக்க முதலே சந்தையின்ர பயத்தை அளக்கிற விக்ஸ் எண்ட குறியீடு 65க்கு மேல போனது, ஆனா முடியேக்க 38.57. விக்ஸ் எண்டதே எஸ்அண்ட்பி 500 ஒப்ஷன்களின்ர பிட் ஆஸ்க் நடுவில இருந்து கணக்கிடுற ஒண்டு. அந்தக் காலையில பிட் ஆஸ்க் இடைவெளி சரியா விரிஞ்சு போய்க் கிடந்தது, அதால நடுவும் மேல தூக்குப்பட்டது. உலகத்திலயே அதிகமா வியாபாரம் நடக்கிற ஒப்ஷன்களில ஒண்டுக்கே இது நிலமை எண்டா, சாதாரணப் பங்கு ஒண்டின்ர தூர ஸ்ட்ரைக்குக்கு நடுவிலையை நம்பி, நட்டத்தில வெட்டுற ஸ்டொப்புக்குக் கணக்குப் போடுறது எந்த மூலைக்கு? இவர் அதுக்கு மேல ஸ்டொப்பை நாள் முடிவு விலையில மட்டும் பாத்திருக்கிறார், பகல் முழுக்க என்ன நடந்தது எண்டது ஷீட்டில இல்ல.

ரெண்டாவது, அசைன்மென்ட், அதாவது ஒப்ஷனை வாங்கினவன் உரிமையைப் பாவிக்க, வித்த நாங்கள் பங்குக்குப் பொறுப்பாகிறது. எனக்கு இதிலதான் கூடக் கோவம், ஏனெண்டா எங்களோட படிச்ச ஒரு தம்பி இதால நல்லா அடிபட்டவன். அமெரிக்கப் பங்கு ஒப்ஷன் எல்லாம் முடிவு நாளுக்கு முன்னமே எந்த நாளும் எக்சசைஸ் பண்ணலாம், அதாவது உரிமையைப் பாவிக்கலாம். டிவிடென்டுக்கு உரிமை கிடைக்கோணும் எண்டா எக்ஸ்-டேட்டுக்கு முதல் நாளே பங்கு கையில இருக்கோணும், அதால அண்டைக்கு கோல் வச்சிருக்கிறவன் கணக்குப் பாப்பான்: உடன பாவிச்சாக் கிடைக்கிறதுக்கு மேல ஒப்ஷன் விலையில மிச்சமிருக்கிற டைம் வேல்யூவை விட டிவிடென்ட் கூட எண்டா எக்சசைஸ் பண்ணுவான். வித்த எங்கட தலையில வந்து விழும்.

தம்பி 105 கோலை வித்து 110 கோலை வாங்கி 3 கொன்ட்ராக்ட் வச்சிருந்தவன், பிரீமியம் 1.00. கோல் பக்கத்துக்கு ஸ்டொப் தேவையில்ல, பங்கு ஏறுறது மெதுவாத்தான் எண்டு வகுப்பில சொல்லித்தந்தது. பங்கு 115க்குப் போச்சு. டிவிடென்ட் 0.80, அவன் வித்த கோலில டைம் வேல்யூ 0.20 தான். எக்சசைஸ் வந்திட்டு. அடுத்த நாள் பாக்கேக்க 300 பங்கு ஷோர்ட், அதாவது கையில இல்லாத பங்கை 105 படி 31,500 டொலருக்கு வித்த கணக்கு, எக்கவுண்டில இருந்தது 6,000. அறிவிப்பு வரேக்க எக்ஸ்-டேட் பிறந்திட்டு, இனி 110 கோலை எக்சசைஸ் பண்ணினாலும் டிவிடென்டைத் தப்பேலாது. எங்கட நேரம் இரவு 7 மணிக்கு சந்தை திறந்த உடன புரோக்கர் மார்ஜின் காணாது எண்டு தானாவே மூடிட்டான். 114.20க்கு வாங்கினதால 9.20 நட்டம், கட்டவேண்டிய டிவிடென்ட் 0.80, 110 கோலை வித்து வந்தது 4.30, ஆக 5.70 போச்சு. பிரீமியம் 1.00ஐக் கழிச்சா பங்குக்கு 4.70, மூண்டுக்கும் சேத்து 1,410 டொலர். "ஆகக்கூடின நட்டம் 1,200, அதுக்கு மேல சத்தியமாப் போகாது" எண்டுதான் வகுப்பில எழுதித் தந்தது.

அதே டிரேட் அவரின்ர முறைப்படி பேக்டெஸ்டில எப்பிடி வரும் எண்டும் பாத்தம். முடிவு நாளில பங்கு 108க்கு இறங்கிட்டு, ஸ்ப்ரெட் 3.00, நட்டம் 600. ஒண்டும் நடக்காத மாதிரி ரெண்டு கிழமை தாண்டி வந்திருக்கும், தம்பிக்கோ அந்த ரெண்டு கிழமை கிடைக்கவே இல்ல. 7 வருஷ ஷீட் முழுக்க தேடினம், பங்கு கையில வந்த வரி ஒண்டு கூட இல்ல. டிவிடென்ட் குடுக்கிற பங்குகளில அவ்வளவு காலம் கோல் வித்து ஒருக்காவும் அசைன் ஆகேல்ல எண்டா, அந்தப் புரோகிராமுக்கு அசைன்மென்ட் எண்டா என்னெண்டே தெரியாது.

இதைக் கேட்டதுக்கு "இண்டெக்ஸ் ஒப்ஷனில அது நடக்காது" எண்டார். உண்மைதான், SPX எண்ட எஸ்அண்ட்பி 500 இண்டெக்ஸ் ஒப்ஷன் காசில முடிக்கிறது, முன்கூட்டி எக்சசைஸும் இல்ல. ஆனா அவர் வித்ததும் சோதிச்சதும் பங்கு ஒப்ஷன். SPX ஒரு கொன்ட்ராக்ட் எங்கட எக்கவுண்ட் சைசுக்குப் பெரிசு, பத்தில ஒண்டான XSP இருக்கு, அதில பிட் ஆஸ்க் இடைவெளியைப் பாத்துத்தான் இறங்கோணும்.

ஷீட்டில பிட், ஆஸ்க், எக்ஸ்-டேட் இருந்தா நீங்களே திரும்ப ஓட்டிப் பாக்கலாம், மூண்டு வரி போதும்:

```python
credit = short_bid - long_ask
debit = short_ask - long_bid
assigned = (stock > strike) & (days_to_ex == 1) & (dividend > call_ask - (stock - strike))
```

முதல் ரெண்டும் ஆக மோசமான விலை, அதில ஓட்டிப் பாத்து, பிறகு நடுவுக்குக் கால்வாசி, அரைவாசி நெருக்கி ஓட்டுங்கோ. நடுவிலைக்குக் கிட்டப் போனாத்தான் லாபம் எண்டா அதை விட்டிடுங்கோ. மூண்டாவது வரி உண்மையா வர நாளில டிரேடை அங்கயே முடிச்சு டிவிடென்டையும் நட்டத்தில சேருங்கோ. முடிவு நாளில பங்கு ரெண்டு ஸ்ட்ரைக்குக்கும் நடுவில நிண்டா காசாக் கணக்கு முடிக்காதேங்கோ, வெள்ளிக்கிழமை பங்கு கையில வந்து திங்கட்கிழமை திறக்கிற விலையிலதான் விக்கோணும், கோல் பக்கம் எண்டா ஷோர்ட் ஆகி அந்த விலையில வாங்கோணும்.

புது பட்ச்சுக்கு காசு கட்ட இருக்கிற ஆக்கள் கிராஃபைப் பாக்காம, ஒவ்வொரு டிரேடுக்கும் பிட்டும் ஆஸ்கும் நேரமும் உள்ள ஷீட்டைக் கேளுங்கோ. தரமாட்டன் எண்டா கட்டாதேங்கோ. ஏற்கனவே கட்டின ஆக்கள் எனக்கு இன்பொக்ஸ் பண்ணுங்கோ, அக்காவும் நானும் திரும்ப ஓட்டின ஷீட்டை அனுப்புறம், எல்லாரும் சேந்து காசு திரும்பக் கேட்டு எழுத்தில குடுக்கப் போறம்.