தட்டையாய்ப் படம் கேட்டால் கொஞ்சம் நில்லுங்கள்

கைத்தறி நெய்து, கொழும்பு பூட்டிக்குகளுக்கும் டிசைனர்களுக்கும் வட்ஸ்அப்பில் படம் அனுப்பும் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். நான் திருகோணமலை மாவட்டத்தில் தம்பலகாமம் பக்கம். வீட்டில் இரண்டு தறி. நான் ஏமாந்த கதை இது. கடையின் பெயரைப் போடப்போவதில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால் போதும், பெயர் மாறி வந்தாலும் பிடித்துக்கொள்ளலாம்.

போன வருஷம் சிவப்பும் கருநீலமுமாய் ஒரு சாறி நெய்தேன். கரையில் வரும் வைரக் கட்டம் அம்மா பன்பாயில் போடுகிற கட்டம்தான். பாயில் பட்டையாய் இருப்பதை நூலில் சின்னதாக்கக் கனநாள் மினக்கெட்டேன். மருமகன் நாலு படம் எடுத்து, கீழே பத்து வரி எழுதி, பதினைந்து கடைகளுக்கு அனுப்பினான். மூன்று இடத்திலிருந்து பதில் வந்தது. அதில் ஒருவர் கதைத்த விதம் அவ்வளவு இனிப்பு.

"அக்கா, கதை அருமை. ஆனா கொஞ்சம் கூடுதலா வேணும். யுத்தத்தில தறி எரிஞ்சதா? சுனாமியில ஏதும்?" தறி எரியவில்லை என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். எங்கள் ஊரில் நெசவு என்றாலே கண்ணீர் வேண்டும் என்று கொழும்பில் யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. கடைசியில் அம்மாவின் பாயைப் பற்றியே இன்னும் ஐந்து வரி எழுதிக் கொடுத்தோம்.

அடுத்து படம் கேட்டார். சாறியை மேசையில் விரித்து, சுருக்கம் இல்லாமல், மேலிருந்து நேராக எடுக்க வேண்டுமாம். கரையில் கட்டம் ஒருமுறை முடிந்து மறுமுறை தொடங்கும் இடம் முழுக்கத் தெரிய வேண்டுமாம். சாதாரணமாக அனுப்பினால் வட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், அதனால் டொக்கியுமென்ட் ஆக அனுப்பச் சொன்னார். நேர்த்தியான ஆள் என்று நினைத்தேன். மருமகன் கதிரையில் ஏறி நின்று எடுத்தான்.

அதோடு அரை மீற்றர் மாதிரித் துணியும் கேட்டார், மூன்று நிறத்தில், இலவசமாக. அரை மீற்றர்தானே என்று கேட்பவர்களுக்குத் தறி தெரியாது. என் சாறியில் அங்குலத்துக்கு 52 பாவு இழை, அகலம் 46 அங்குலம். கிட்டத்தட்ட 2,400 இழை. ஒவ்வொன்றையும் விழுதிலும் அச்சிலும் கோர்க்க வேண்டும். பாவு நிறத்தை மாற்றினால் அந்த வேலை திரும்ப முதலிலிருந்து. நெய்து முடிந்தாலும் தறியில் ஒரு மீற்றர் போல பாவு நெய்யமுடியாமல் எஞ்சும். அரை மீற்றர் துணிக்கு ஒரு மீற்றர் நூல் வீண். அதனால் பாவை அப்படியே விட்டு ஊடையை மட்டும் மாற்றி மூன்று துண்டு நெய்து கூரியரில் அனுப்பினேன். "கிடைச்சது அக்கா, டீமோட கதைச்சிட்டுச் சொல்றன்" என்றார். பிறகு சத்தமே இல்லை.

நாலு மாதம் கழித்து, டவுனில் படிப்பிக்கிற எனக்குத் தெரிந்த ரீச்சர் ஒருவர் சாறியோடு வந்தார். ஒன்லைனில் 18,900 ரூபாய்க்கு வாங்கினாராம். "உங்கட சாறிதான், உங்கட கதையும் போட்டிருக்கு. ஆனா முதல் கழுவலிலேயே நிறம் மங்கிப்போச்சு" என்றார். நான் விற்கிற விலை 9,500. இந்தச் சாறியை நான் நெய்யவே இல்லை.

கையில் எடுத்தவுடனே ஏதோ பிழை என்று பட்டது. மறுபக்கம் திருப்பினேன், கட்டம் வெளிறிக் கிடந்தது. நெய்த கட்டம் மறுபக்கத்திலும் நூலாய்த்தான் தெரியும், வெளிறாது. ரீச்சரிடம் கேட்டுவிட்டு முந்தானைக் குஞ்சத்துக்குப் பக்கத்தில் ஒரு இழையை ஊசியால் இழுத்தேன். என் நூல் நெய்ய முதலே சாயம் போட்டது, இழுத்தால் முழுக்க ஒரே நிறமாய் வரும். இந்த இழை கொஞ்சம் நீலம், கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் சிவப்பு என்று புள்ளி புள்ளியாய் வந்தது. துணி நெய்து முடிந்த பிறகு மேலே அச்சடித்த பிரிண்ட் அது. சந்தேகமான கைத்தறிச் சாறி இருந்தால் நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம், ஒரு இழை போனால் துணிக்கு ஒன்றும் ஆகாது.

அதுவரை யாரோ என் கட்டத்தைப் பார்த்து வரைந்திருப்பார்கள் என்றே நினைத்தேன். பிறகுதான் கரையில் கண் நின்றது. ஒரு வைரத்துக்கு மேல்முனை இல்லை. படத்துக்கு விரித்த சாறியில் நான் ஓரிடத்தில் மிதி மாற்றி மிதித்துவிட்டேன், முனை விழவில்லை. அவிழ்க்கப் பஞ்சிப்பட்டு அப்படியே விட்டேன். அது என் கைப்பிழை, அந்த ஒரு சாறியில் ஒரே இடத்தில்தான் உண்டு. ரீச்சரின் சாறியில் முழ அளவுக்கு ஒருமுறை அதே முனையில்லாத வைரம். எண்ணினேன், பன்னிரண்டு. மருமகன் கதிரையில் ஏறி எடுத்த படத்தையே வெட்டி, ஒட்டி, துணியில் அச்சடித்திருக்கிறார்கள். நேராக, சுருக்கமில்லாமல், முழுத் தரத்தில் கேட்டது அதற்குத்தான்.

படம் கேட்ட அந்த ஆளுக்கு எழுதினேன். "அக்கா, இது உங்களுக்கும் விளம்பரம்தானே" என்று ஒரு வரி வந்தது. பிறகு புளொக். மருமகனின் போனில் மூலப்படம் திகதியோடு இருந்தபடியால் அவர்கள் இன்ஸ்டகிராமில் போட்டிருந்த எங்கள் படத்துக்கு எதிராகப் பதிப்புரிமை முறைப்பாடு கொடுத்தோம். இலங்கையில் படத்துக்குப் பதிப்புரிமை கிடைக்கப் பதிவு தேவையில்லை, எடுத்த உடனேயே எடுத்தவருக்கு உண்டு. இன்ஸ்டகிராமிலிருந்து படத்தை நீக்கிவிட்டார்கள். கதையைக் கொஞ்சம் மாற்றி எழுதியிருந்தபடியால் அது அப்படியே கிடக்கிறது.  கட்டத்தைக் கைத்தொழில் வடிவமைப்பு என்று தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதியலாம். புது வடிவத்துக்குத்தான் அது, ஊரெல்லாம் படம் போய்ச் சேர்ந்த பிறகு புதிது என்று வாதாடுவது கஷ்டம். பதிய நினைப்பவர்கள் படம் அனுப்ப முதலே அதைப் பாருங்கள்.

இப்போதும் படம் அனுப்புகிறேன், அனுப்பாமல் விற்க முடியாது. ஆனால் சாறியை மடித்து, சரிவாக வைத்து எடுக்கிறோம். கட்டம் ஒன்றரைதான் தெரியும், மீதி மடிப்புக்குள். இன்னொரு படம் கிட்டத்தில், இழை தெரிய. மூன்றாவது மறுபக்கம். மருமகன் ஊர்ப்பெயரை மூலையில் போடாமல் கரைக்கு மேலாகவே எழுதிவிடுகிறான், மூலையில் இருந்தால் வெட்டிவிடலாம். சாதாரணப் படமாகத்தான் அனுப்புவோம், டொக்கியுமென்ட் கிடையாது. கதையிலும் நூல் என்ன, அங்குலத்துக்கு எத்தனை இழை, ஒரு சாறிக்கு எத்தனை நாள் என்று போடுகிறேன். பிரிண்ட் துணியோடு அதை ஒட்டி விற்க வெளிக்கிட்டால் வாங்குகிறவர் எண்ணிப் பார்க்கலாம்.

உண்மையாக வாங்க வருபவர் கேட்பதே வேறு. போன மாதம் ஒரு டிசைனர் போன் எடுத்தார். சாயம் கழுவினால் போகுமா, இதே நீலம் அடுத்த தடவையும் வருமா, மாதம் எத்தனை மீற்றர் தரலாம் என்று கேட்டார். மாதிரித் துண்டுக்குக் காசு என்றேன், மறுநாளே போட்டுவிட்டார். தட்டையான படம் அவரும் கேட்டார், அது உண்மைதான். ஓடர் முற்பணம் வந்த பிறகு அனுப்புகிறேன் என்றதற்குச் சரி என்றார்.

அந்தப் பிரிண்ட் சாறி இன்னும் விற்பனையில் இருக்கிறது. "திருகோணமலைக் கைத்தறி" என்று சிவப்பு, கருநீலத்தில் ஏதும் கண்டால் கரையைப் பாருங்கள். மேல்முனை இல்லாத வைரம் முழத்துக்கு ஒன்று வந்தால் வாங்காதீர்கள்.