ஃபிளாக் ஆன ஃபோட்டோவுக்கு ரிப்போர்ட் எழுதறது எப்படி: முத்திரையா, சதவீதமா, லைக்லிஹுட் ரேஷியோவா?

ஒரு ஃபோட்டோவை ஃபாரன்சிக் டூல்ல போட்டதும் "எடிட் பண்ணிருக்க வாய்ப்பு அதிகம்"னு சிவப்பு காட்டுது, இப்ப இதை கேட்டவங்களுக்கு எப்படி சொல்றது? நடைமுறையில மூணு வழி ஓடிட்டிருக்கு. ஒண்ணு, நேரா "போலி"ன்னு முத்திரை குத்தறது. ரெண்டு, டூல் தர்ற ஸ்கோரை அப்படியே எடுத்து "97% மேனிபுலேட்டட்"னு எழுதறது. மூணு, லைக்லிஹுட் ரேஷியோ: இந்த மாதிரி ரிசல்ட் எடிட் பண்ண படத்துல எவ்வளவு தடவை வரும், கை வைக்காத படத்துல எவ்வளவு தடவை வரும், முதல் எண் ரெண்டாவதைப் போல எத்தனை மடங்குன்னு சொல்றது. எனக்கு மூணாவதுதான் சரின்னு படுது, ஆனா அதுவும் தானா நேர்மையாயிடாது, அதுக்கும் வர்றேன்.

மூணுக்கும் ஒரே கேஸை வச்சுக்கலாம். ஒரு செய்தி டெஸ்க்குக்கு பொதுமக்கள்கிட்ட இருந்து 1000 ஃபோட்டோ வருது. அதுல அர்த்தமே மாறற அளவுக்கு ஒட்டு வேலை பண்ணது 20ன்னு வச்சுக்கோங்க, அதாவது 2%. இந்த 2%தான் பேஸ் ரேட், டூலை ஆன் பண்றதுக்கு முன்னாடியே இருக்கற நிலவரம். டூல் நல்ல டூல்தான், எடிட் பண்ணதுல 100க்கு 90ஐ பிடிக்கும், ஒரிஜினல்ல 100க்கு 5ஐ தப்பா பிடிக்கும். இந்த 5தான் ஃபால்ஸ் பாசிட்டிவ்.

இப்ப எண்ணிப் பாருங்க. 20 எடிட்ல 18 சிக்கும். மிச்சம் 980 ஒரிஜினல், அதுல 5% னா 49 படம் சும்மாவே சிக்கும். மொத்தம் ஃபிளாக் ஆனது 67, அதுல நிஜமா எடிட் பண்ணது 18, ஏறக்குறைய 27%. முத்திரை குத்தற வழியில போனா 67 பேருக்கும் "போலி"ன்னு பதில் போகும், அதுல 49 பேர் எந்தத் தப்பும் பண்ணாதவங்க. நாலுல மூணு பேர்கிட்ட நாம பொய் சொல்லிருப்போம், அதுவும் 90% பிடிக்கற டூலை கையில வச்சுகிட்டு. "5%தானே தப்பாகும், அப்ப 95% உறுதியா போலி"ன்னு நினைக்கறதுதான் இங்க எல்லாரும் விழற குழி. 5%ங்கறது ஒரிஜினல்கள்ல எத்தனை ஃபிளாக் ஆகும்ங்கற கணக்கு. நமக்கு வேண்டியது ஃபிளாக் ஆனதுல எத்தனை ஒரிஜினல்ங்கறது, அது 73%.

டூல் விக்கறவங்க சொல்ற "அக்யூரசி"யும் இங்க உதவாது. இந்த டூல் 1000ல 949 படத்துக்கு சரியான பதில் சொல்லுது, 94.9%, கேக்க நல்லாதான் இருக்கு. ஆனா எந்தப் படத்தையும் பாக்காம எல்லாத்துக்கும் "ஒரிஜினல்"னு எழுதிட்டு போற ஆளுக்கு 98% அக்யூரசி கிடைச்சிடும், ஏன்னா 980 ஒரிஜினல்தானே.

சரி முத்திரை வேண்டாம், சதவீதமாவது நிதானமா இருக்கேன்னு தோணும். எனக்கு இதுதான் மூணுலயும் ரொம்ப ஆபத்தானது, ஏன்னா இது அளந்து சொன்ன மாதிரியே தெரியும். 0.97னு வர்ற ஸ்கோர் ரொம்ப டூல்கள்ல சாத்தியக்கூறே இல்ல, 0.6ஐ விட 0.97ல சந்தேகம் அதிகம்னு வரிசைப்படுத்த உதவற எண், அவ்வளவுதான். டூல் 97%னு சொன்ன படங்கள்ல நிஜமாவே 100க்கு 97 எடிட் பண்ணதா இருந்தாதான் அதை காலிபரேட் ஆன ஸ்கோர்னு சொல்லணும், அதை யாராவது சோதிச்சிருக்காங்களான்னு முதல்ல கேக்கணும். அப்படியே சோதிச்சிருந்தாலும் ஒரு சிக்கல் இருக்கு. பெரும்பாலும் பயிற்சிக்கும் சோதனைக்கும் பாதி எடிட், பாதி ஒரிஜினல்னு படத்தொகுப்பு வச்சுக்குவாங்க, அந்த 50% பேஸ் ரேட் ஸ்கோருக்குள்ளயே உக்காந்திருக்கும். அங்க 97%னா 97க்கு 3, அதாவது சுமார் 32க்கு 1; பாதிக்குப் பாதி கூட்டத்துல ஆரம்பம் 1க்கு 1ங்கறதால அந்த 32 முழுக்க டூல் சேத்த எடை. நம்ம டெஸ்க்ல எடிட்டுக்கும் ஒரிஜினலுக்கும் விகிதம் 1க்கு 49. ரெண்டையும் பெருக்கினா 32க்கு 49, அதாவது 81ல 32, 40% பக்கம்தான் வருது. ரிப்போர்ட்ல 97, உண்மையில 40, நடுவுல யாரும் எந்தக் கணக்கையும் தப்பா போடல, வேற ஒரு கூட்டத்தோட பேஸ் ரேட்டை நம்ம கூட்டத்துக்கு மாட்டிவிட்டோம் அவ்வளவுதான்.

இப்ப மூணாவது வழி. 90%ஐ 5%ஆல வகுத்தா 18. ரிப்போர்ட்ல எழுதறது இது: "இந்த ரிசல்ட் ஒரிஜினல் படத்துல வர்றதைவிட எடிட் பண்ண படத்துல வர 18 மடங்கு வாய்ப்பு அதிகம்." படம் போலியா இல்லையான்னு இது சொல்லல, இந்த ஒரு சாட்சியத்துக்கு எவ்வளவு எடைன்னு மட்டும் சொல்லுது. ஐரோப்பிய ஃபாரன்சிக் லேப்களோட கூட்டமைப்பான என்ஃப்ஸி 2015ல போட்ட வழிகாட்டில இதுக்கு வார்த்தை அளவுகோல் ஒண்ணு கொடுத்திருக்காங்க, அதுல 10லேருந்து 100 வரைக்கும் "மிதமான ஆதரவு"ங்கற கணக்குல வரும், "வலுவான ஆதரவு"க்கு 1000ஐத் தாண்டணும். சிவப்பு லைட் எரிஞ்சதும் பதறிப்போற நமக்கு, 18ங்கறது மிதமானதுதான்னு தெரியறதே ஒரு தெளிவு.

இதோட பெரிய பலம் என்னன்னா, அதே 18ஐ வேற இடத்துக்கு எடுத்துட்டு போகலாம். ஆரம்ப விகிதத்தை 18ஆல பெருக்கினா போதும்: டெஸ்க்ல 1க்கு 49ல ஆரம்பிச்சு 18க்கு 49, 27%. வேற ஒரு படம், ஏற்கனவே அது எடுத்ததா சொல்ற நாளுக்கு வானிலை ஒத்துப்போகல, அனுப்பினவர் ஒரிஜினல் ஃபைலை தர மாட்டேங்கறார், அந்த மாதிரி பிரச்சனைக்குள்ளான படங்கள்ல 40% எடிட்டுன்னு உங்க பழைய ரெக்கார்டு சொல்லுதுன்னு வச்சுக்கோங்க. ஆரம்பம் 2க்கு 3, பெருக்கினா 36க்கு 3, அதாவது 12க்கு 1, ஏறக்குறைய 92%. டூலும் ரிசல்ட்டும் ஒண்ணுதான், பதில் 27ஆவும் 92ஆவும் வருது. இந்த ஆரம்ப நிலவரத்தை முடிவு பண்றது டெக்னீஷியனோட வேலை இல்ல, மத்த தகவலெல்லாம் கையில இருக்கற எடிட்டரோ நீதிபதியோதான் அதை பண்ணணும். முத்திரையும் சதவீதமும் அவங்க வேலையையும் சேத்து டெக்னீஷியனே சத்தமில்லாம செஞ்சிட்ட மாதிரி ஆக்கிடுது.

ஆனா அந்த 18 எங்கிருந்து வந்துச்சுங்கறதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்குது. எரர் லெவல் அனாலிசிஸை எடுத்துக்கோங்க, ஜேபெக் படத்தை தெரிஞ்ச ஒரு குவாலிட்டில, உதாரணமா 95ல, திரும்ப சேவ் பண்ணி, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை பெருசாக்கி காட்டும், வேற சேவ் வரலாறு உள்ள பகுதி தனியா மின்னும்ங்கறது எதிர்பார்ப்பு. பிரச்சனை என்னன்னா கூர்மையான விளிம்பு, எழுத்து, அடர்த்தியான டெக்ஸ்சர், ஷார்ப்பன் பண்ண இடம் எல்லாமே எடிட் இல்லாமலே மின்னும். மெசேஜ் ஆப் வழியா வந்த படம்னா சைஸ் குறைஞ்சு மறுபடி கம்ப்ரஸ் ஆகி வரும், கேமராவுலேருந்து நேரா எடுத்த படங்கள்ல அளந்த 5% அங்க செல்லாது. அது 15% ஆயிடுச்சுன்னா 90ஐ 15ஆல வகுத்து வெறும் 6, டெஸ்க் கேஸ்ல 27% இருந்தது 11%க்கு இறங்கிடும். (எடிட்டைப் பிடிக்கற 90ம் அங்க குறையத்தான் செய்யும், அதை சேத்தா இன்னும் கீழ.)

இதை கண்டுபிடிக்க பெரிய லேப் வேண்டாம். நீங்களே எடுத்த, கை வைக்கலன்னு உறுதியா தெரிஞ்ச 100 படத்தை அதே ஆப் வழியா அனுப்பி, வாங்கி, அதே செட்டிங்ல டூல்ல ஓட்டுங்க, எத்தனை ஃபிளாக் ஆகுதுன்னு எண்ணுங்க. ஒண்ணுகூட ஆகலன்னா "ஃபால்ஸ் பாசிட்டிவ் பூஜ்யம்"னு எழுதிடாதீங்க. 100ல பூஜ்யம்னா உண்மையான ரேட் 3% வரைக்கும் இருக்கலாம், 3ஐ படங்களோட எண்ணிக்கையால வகுக்கற எளிய விதி இது, 95% நம்பிக்கை அளவுக்கு பொருந்தும். அதனால அந்த டெஸ்ட்டை வச்சு 90ஐ 3ஆல வகுத்த 30க்கு மேல ரேஷியோ சொல்ல உங்களுக்கு ஆதாரம் இல்ல, 1000னு எழுதணும்னா பல ஆயிரம் ஒரிஜினல் படங்கள்ல சோதிச்சிருக்கணும்.

ரெண்டு டூல் ஃபிளாக் பண்ணுச்சே, 18ஐயும் 18ஐயும் பெருக்கி 324னு சொல்லலாமான்னு கேப்பாங்க. ரெண்டும் ஜேபெக் கம்ப்ரஷன் தடத்தையே படிக்கறதுன்னா கூடாது, ஒரு ஒரிஜினல் படம் ரெண்டு தடவை சேவ் ஆனதால ஒண்ணு ஏமாந்தா இன்னொண்ணும் அதே காரணத்தால ஏமாறும். நிழல் விழற திசை மாதிரி முற்றிலும் வேற வழியில வந்த சாட்சியம்னா பெருக்கலாம்.

இன்னொரு ஓட்டை "மேனிபுலேட்டட்"ங்கற வார்த்தையிலயே இருக்கு. பால் ஹான்சன் காசாவுல எடுத்த படம் 2013ல வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ விருது வாங்கினப்ப, அது பல படங்களை ஒட்டினதுன்னு எரர் லெவல் அனாலிசிஸையும் சேத்து ஆதாரமா காட்டி குற்றச்சாட்டு வந்துச்சு. அமைப்பு நிபுணர்களை வச்சு ஒரிஜினல் ரா ஃபைலோட ஒப்பிட்டுப் பாத்தப்ப, நிறமும் டோனும் சரிபண்ணிருக்காங்க, ஒட்டு வேலைக்கு ஆதாரம் இல்லன்னு முடிவாச்சு. டூல் எதையோ பாத்தது உண்மையா இருக்கலாம், அது பாத்தது டோன் வேலையா ஒட்டு வேலையாங்கறதை டூலால பிரிக்க முடியாது. அதனால ரேஷியோ எழுதும்போது எந்த ரெண்டு வாதத்தை ஒப்பிடறீங்கன்னு எழுதியே ஆகணும்: "தலைப்பகுதி வேற படத்துலேருந்து ஒட்டினது" ஒரு பக்கம், "டோன் மட்டும் மாத்தி ஆப் வழியா அனுப்பினது" மறுபக்கம். ரெண்டாவது பக்கத்துல "எதுவுமே செய்யாத படம்"னு போட்டா எண் பெருசா வரும், ஆனா அப்படி ஒரு படத்தை அங்க யாரும் அனுப்பவே இல்ல.

முத்திரைக்கும் ஒரு இடம் இருக்குங்கறதை மறுக்கல. 1000 படத்துல எந்த 67ஐ முதல்ல ஒரு மனுஷன் உக்காந்து பாக்கணும்னு பிரிக்க அது போதும், பாக்காம விட்ட 933ல 2 எடிட்தான் தப்பும். அந்த சிவப்பு டேக் டெஸ்க்கை தாண்டி வெளிய போகாத வரைக்கும் பரவாயில்ல. சதவீதத்துக்கு அப்படி ஒரு இடம்கூட எனக்கு தெரியல, காலிபரேஷனும் பேஸ் ரேட்டும் பக்கத்துலயே எழுதினா ஒழிய.

ஃபால்ஸ் பாசிட்டிவ் ரேட்டே இல்லாத டூலோட ரிசல்ட் கைக்கு வந்தா வகுக்க கீழ எண்ணே இல்ல, ரேஷியோவும் போட முடியாது. அப்ப "இடது ஓரத்துல கம்ப்ரஷன் தடம் மத்த பகுதியோட ஒத்துப்போகல, இது ஒட்டினதாலயும் வரலாம், ஷார்ப்பன் பண்ணதாலயும் வரலாம், ஒரிஜினல் ஃபைல் கிடைச்சா பிரிச்சு சொல்ல முடியும்"னு பாத்ததை மட்டும் எழுதி அனுப்பணும், பக்கத்துல எந்த எண்ணும் போடாம.