இளநீரா, கரும்புச் சாறா? மீட்டர் சொன்ன கணக்கு

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் இளநீர் வண்டியும் கரும்பு மிஷினும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அம்மாவுக்குச் சர்க்கரை நோய். அதே அளவு சோறும் சாம்பாரும் கொடுத்து, முதல் வாய் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, வீட்டு மீட்டரில் ரத்தச் சர்க்கரையை மூன்று நாள் பார்த்தேன். வெறும் சாப்பாட்டுக்கு 168. கூடவே ஓர் இளநீர் குடித்த நாள் 181. ஒரு கிளாஸ் கரும்புச் சாறு குடித்த நாள் 236.

168-க்கும் 181-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க முடியாது. வீட்டு மீட்டரே 15 சதவீதம் வரை முன்பின் காட்டும். 236 அப்படியல்ல. ஓர் இளநீரில் சுமார் 10 கிராம் சர்க்கரைதான். 250 மில்லி கரும்புச் சாற்றில் 30 கிராமுக்கு மேல், அதுவும் நாரில்லாமல் நேராக இறங்குகிறது. இஞ்சி, எலுமிச்சை பிழிந்தாலும் அந்தச் சர்க்கரை குறையாது.

ஒன்று கவனியுங்கள். அன்று முதலில் மீட்டர் 312 காட்டியது. கிளாஸ் பிடித்த விரலில் சாறு பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்தியபோதுதான் 236 வந்தது.

பாட்டில் மாம்பழ ஜூஸும் கரும்புச் சாறு மாதிரிதான். லேபிளில் 100 மில்லிக்கு எத்தனை கிராம் என்று பார்த்து, பாட்டில் அளவுக்குப் பெருக்குங்கள். பாக்கெட் இளநீரிலும் சர்க்கரை சேர்த்திருக்கலாம்.

அம்மாவுக்கு இளநீர்தான், அதுவும் வழுக்கை இல்லாமல். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்; அதில் பொட்டாசியம் அதிகம்.