பாக்கெட் துளை எந்தச் சட்டத்தில்: குறுக்கிலா, நெடுக்கிலா?

காட்பாடியில் எங்கள் வீட்டு அலமாரி முகப்புக்காக, முக்கால் அங்குலக் கனமும் இரண்டங்குல அகலமும் கொண்ட வேப்பஞ்சட்டங்களைச் செங்கோணத்தில் இணைத்தபோது, இரண்டு முறைகளையும் செய்து பார்த்தேன்.

முதல் மூலையில் குறுக்குச் சட்டத்தின் முனையில் பாக்கெட் துளைகள், அதாவது திருகாணியைச் சாய்வாக இறக்கி அடுத்த சட்டத்தோடு இணைக்கும் துளைகள், இட்டேன். ஒன்றேகால் அங்குலத் திருகாணி அந்த முனையிலிருந்து வெளிப்பட்டு, நெடுஞ்சட்டத்தின் பக்கவாட்டில், நார்களின் குறுக்கே இறங்கியது. அதன் மரைகள் நார்களைக் கவ்விப் பிடித்ததால் இணைப்பு இறுகியது.

இரண்டாம் மூலையில், துளைகள் பின்புறம் மறையட்டும் என்று நெடுஞ்சட்டத்தில் துளையிட்டேன். இப்போது திருகாணி குறுக்குச் சட்டத்தின் முனைக்குள், நார்களுக்கு இணையாக நுழைந்தது. அங்கே மரைகள் நார்களைத் துண்டுதுண்டாக அறுப்பதால் பிடிப்பு குறைவு. இறுகிய கணமே திருகாணி வெறுமனே சுழலத் தொடங்கியது, கழற்றினால் மரைகளில் மரத்தூள் அப்பியிருந்தது. பிடிப்பு போனதற்கு இதுவே அறிகுறி. உண்மையில் இரு முறைகளிலும் துளைகள் பின்புறமே இருப்பதால், அந்த மறைவு ஆசைக்கே பொருளில்லை.

எனவே முதல் முறையையே பரிந்துரைப்பேன். ஆனால் அதிலும் திருகாணி சாய்வாக, ஏறத்தாழ 15 பாகையில் இறங்குவதால், முடுக்கும்போது சட்டம் நழுவி முகப்பில் படி விழும். ஆகவே இரு சட்டங்களின் முகப்பையும் ஒரே கிளாம்பில் சேர்த்துப் பிடித்த பிறகே முடுக்க வேண்டும். வேம்பு போன்ற கடினமரத்துக்கு நெருக்கமான மரையுள்ள திருகாணி ஏற்றது. அகன்ற மரை விளிம்பைப் பிளந்துவிடக்கூடும்.