ஸ்டோரியை அழித்த பிறகு மிச்சம் எங்கே இருக்கிறது? இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும்

சித்தி மகளுக்கு வேலை கிடைத்தது. சந்தோஷத்தில் ஆஃபர் லெட்டரைப் படம் எடுத்து, இரவு எட்டு மணிக்கு இன்ஸ்டாகிராம் ஸ்டோரியிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டுவிட்டாள். சம்பளம், செல் நம்பர், வீட்டு முகவரி எல்லாம் அதில் தெளிவாகத் தெரிந்தன. எட்டு நாற்பதுக்கு ஒரு தோழி சொன்ன பிறகுதான் கவனித்து, இரண்டிலும் அழித்தாள். "அண்ணா, போயிடுச்சுல்ல?" என்று என்னிடம் கேட்டாள். இரண்டுக்கும் ஒரே பதில் சொல்ல முடியவில்லை.

முதலில் இன்ஸ்டாகிராம். அழித்த கணமே அது பார்வையாளர்களுக்குக் கிடைக்காது. யாராவது அந்த ஸ்டோரியை மெசேஜில் இன்னொருவருக்கு அனுப்பியிருந்தாலும் அங்கேயும் திறக்காது. எல்லோரும் பார்ப்பது சர்வரில் இருக்கும் ஒரே பிரதியை என்பதால் இது சாத்தியம். ஆனால் அந்தப் பிரதி உடனே ஒழிந்துவிடுவதில்லை. ப்ரொஃபைலில் மூன்று கோடு மெனுவைத் தொட்டு, `Your activity` வழியாக `Recently deleted` போனால் படம் அங்கே உட்கார்ந்திருக்கும். ஆர்க்கைவில் சேமிக்கப்பட்ட ஸ்டோரி என்றால் 30 நாள் வரை, சேமிக்கப்படாதது என்றால் 24 மணி நேரம் வரை இருக்கும். அவளுக்கு `Save story to archive` ஆன் ஆகியிருந்தது. ஆகவே ஒரு மாதம்! அந்தப் பட்டியலிலும் போய் இன்னொரு முறை அழித்தால்தான் அவள் கணக்கிலிருந்து போகும். இன்ஸ்டாகிராமின் சர்வர்களிலிருந்து முழுதாக நீங்க அதற்கு மேலும் நாளாகலாம்.

அழிக்காமல், 24 மணி நேரத்தில் தானே மறையட்டும் என்று விட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். 2017 டிசம்பரில் வந்த ஆர்க்கைவ் வசதிப்படி, நேரம் முடிந்த ஸ்டோரி அவளுக்கு மட்டும் தெரியும் பெட்டிக்குள் போய், அவளாக எடுக்கும்வரை அங்கேயே கிடக்கும். ஹைலைட்டிலிருந்து மட்டும் நீக்குகிறவர்களுக்கும் இதுதான் கதை. ஹைலைட்டில் காணாமல் போனாலும் ஆர்க்கைவில் அப்படியே இருக்கும்.

சரி, வாட்ஸ்அப். இங்கே ஸ்டேட்டஸ் என்பது தொடர்பில் இருப்பவர்களின் போன்களுக்கு அனுப்பப்படும் செய்தி மாதிரி. அழிக்கும்போது அந்தப் போன்களுக்கு "இதை எடுத்துவிடு" என்ற தகவல் போகிறது. நெட் அணைத்து வைத்திருக்கும் போனுக்கு அந்தத் தகவல் உடனே போய்ச் சேராது. அதோடு, ஆண்ட்ராய்டில் பார்த்த ஸ்டேட்டஸின் கோப்பு இந்த மறைவான ஃபோல்டரில் தற்காலிகமாக விழுகிறது:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/.Statuses
```

ஸ்டேட்டஸ் சேவர் என்று பெயர் வைத்த செயலிகள் எடுப்பது இங்கிருந்துதான். ஒருவர் இப்படித் தன் கேலரிக்கு நகர்த்திவிட்டால், நாம் அழிப்பது அந்தப் பிரதியைத் தொடாது. நமக்குத் தெரியவும் வராது.

என் பார்வையில் வித்தியாசம் இதுதான்: இன்ஸ்டாகிராமில் மிச்சம் நம் கணக்கில் தங்குகிறது, வாட்ஸ்அப்பில் மற்றவர் போனில் தங்குகிறது. முன்னதை நாமே போய்த் துடைக்கலாம். நம் போனையோ பாஸ்வேர்டையோ கையில் வைத்திருக்கும் ஒருவருக்குப் பயப்படுகிறோம் என்றால் மட்டும் அது பெரிய ஆபத்து. பின்னதைத் துடைக்க வழியே இல்லை. அதனால் தவறிப்போய்ப் போட்ட படத்தைத் திரும்பப் பெற இன்ஸ்டாகிராமே மேல் என்பேன், இரண்டு முறை அழிக்க வேண்டியிருந்தாலும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்தவரை மட்டும் இரண்டுமே காட்டிக்கொடுக்காது.

பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. அழிக்கும் முன், யார் பார்த்தார்கள் என்ற பட்டியலை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ள வேண்டும். அழித்ததும் அது நம் கண்ணிலிருந்து போய்விடும். அவள் பதற்றத்தில் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் பதினேழு பேர் பார்த்ததாக நினைவு என்றாள், யார் யார் என்று சொல்லத் தெரியவில்லை. அந்தப் பட்டியலும் முழுமையானதல்ல. ப்ளூ டிக்கை அணைத்து வைத்திருப்பவர்கள் பார்த்தாலும் அதில் வரமாட்டார்கள்.

அப்புறம், மூலப் படம். கேமராவில் எடுத்து கேலரியில் இருந்ததை இந்த இரண்டு செயலிகளும் தொடவே இல்லை. அதை அவள் கேலரியிலும், அதன் குப்பைத் தொட்டியிலும் தனியாக அழித்தாள். `Save story to archive` இப்போது ஆஃப். மறுநாள் காலையில் அவள் முதலில் செய்தது, நினைவிலிருந்த ஐந்தாறு பேருக்குப் போன் போட்டு, "அந்தப் படம் உங்ககிட்ட இருந்தா அழிச்சிடுங்க" என்று கேட்டதுதான்.